போட்டோல இருக்குற கொஸ்டின் பேப்பர்: அச்சு எது, பென்சில் எதுன்னு பிரிக்கிறது எப்படி?

தேன்மொழி22
பழைய கணக்கு கொஸ்டின் பேப்பர் கொஞ்சம் டைப் பண்ணிட்டு இருக்கேன், எல்லாமே யாரோ எழுதி முடிச்ச பேப்பரை போன்ல போட்டோ எடுத்து அனுப்பினது. சைடுல ரஃப் ஒர்க், ஆப்ஷன் மேல டிக், அடிக்கோடு, அங்கங்க ஏதோ கிறுக்கல்னு பேப்பர் பூரா பென்சில் தான். பெரும்பாலும் பார்த்த உடனே தெரிஞ்சிடுது, ஆனா 14வது கேள்வில மாட்டிக்கிட்டேன்.

2x² − 7x + 3 = 0 சமன்பாட்டின் மூலங்கள்

இப்படித்தான் நான் முதல்ல டைப் பண்ணினேன். அப்புறம் ஜூம் பண்ணிப் பார்த்தா அந்த மைனஸ் மேல ஒரு செங்குத்து கோடு இருக்கு, அதாவது ப்ளஸ் மாதிரியும் தெரியுது. ஆப்ஷன் (அ) 3, 1/2 (ஆ) −3, 1/2 (இ) −3, −1/2 (ஈ) 3, −1/2. மைனஸ்னா விடை (அ), ப்ளஸ்னா (இ), ரெண்டுமே ஆப்ஷன்ல இருக்கு! கணக்கு போட்டுப் பார்த்து கண்டுபிடிக்கவும் வழியில்ல. டிக் (இ) மேல இருக்கு. அப்போ ப்ளஸ்னு எடுத்துக்கலாமா?

ராக்கெட்_ராஜா
சிம்பிள் தேனு. நல்ல சாஃப்டான ரப்பர் வச்சு லேசா அழிச்சுப் பாருங்க, அச்சு போகாது பென்சில் போயிடும். நான் எல்லா புக்கும் அப்படித்தான் க்ளீன் பண்றேன்.

தேன்மொழி22
அண்ணா என்கிட்ட இருக்கிறது போட்டோ, ஸ்க்ரீனை அழிச்சா என்ன ஆகும் 😄

ராக்கெட்_ராஜா
ஓ சாரி சாரி, தலைப்பை ஒழுங்கா படிக்கல.

பிக்சல்_பிரபு
ரொம்ப யோசிக்காதீங்க. அச்சு கருப்பு, பென்சில் சாம்பல். 0 முழு கருப்பு 255 வெள்ளைனு வச்சா அச்சு எழுத்து 30, 50னு வரும், பென்சில் 110க்கு மேல இருக்கும். கிம்ப்ல போட்டோவை ஓபன் பண்ணி `Colors > Threshold` போய் 90ல நிறுத்துங்க, அதுக்கு மேல இருக்கிறதெல்லாம் வெள்ளை ஆயிடும், பென்சில் காணாம போயிடும், மிச்சம் இருக்கிறது தான் கேள்வி. ஒரு நிமிஷ வேலை.

தேன்மொழி22
பண்ணிப் பார்த்தேன் ப்ரோ. செங்குத்து கோடு போயிடுச்சு, ஆனா மைனஸும் சேர்ந்து போயிடுச்சு!! இப்போ "2x² 7x" னு நிக்குது. 1/2 ல நடு கோடும் காணோம், ஆப்ஷன்லாம் 1க்கு கீழ 2னு அந்தரத்துல தொங்குது.

பிக்சல்_பிரபு
அப்போ மைனஸும் பென்சிலா இருக்கும். பேப்பர்லயே ஏதோ மிஸ்டேக், எழுதினவங்க பென்சில்ல போட்டுக்கிட்டாங்க.

பழுப்புத்தாள்
இல்ல பிரபு, அவசரப்படாதீங்க. 1/2 நடுக்கோடும் சேர்ந்து போச்சுன்னு அவங்க சொல்றாங்க பாருங்க, எழுதினவங்க நாலு ஆப்ஷன்லயும் உட்கார்ந்து பின்னக் கோடு போட்டிருப்பாங்களா?

விஷயம் என்னன்னா அச்சுல எல்லாமே ஒரே கருப்புதான், ஆனா போட்டோல மெல்லிசான கோடு ஒரே கருப்பா வராது. மைனஸ், பின்னக் கோடு எல்லாம் தடிமன் 0.2 மில்லிமீட்டர் பக்கம் தான் இருக்கும். முழுப் பக்கத்தை 12 மெகாபிக்சல் போன்ல எடுத்தா ஒரு இன்ச்சுக்கு 350 பிக்சல் கிட்ட வரும், அதுல அந்த கோட்டுக்கு ரெண்டு மூணு பிக்சல் கிடைக்கும். அதே போட்டோ வாட்ஸ்அப்ல வந்து நீளப்பக்கம் 1600 பிக்சலா சுருங்கிடுச்சுன்னா இன்ச்சுக்கு 140 கூட தேறாது, கோட்டுக்கு ஒரே ஒரு பிக்சல். அந்த ஒரு பிக்சல்ல பாதி மை, பாதி வெள்ளைத் தாள், ரெண்டும் கலந்து சாம்பல் ஆயிடும். அதாவது மெல்லிசான அச்சுக்கோடு பென்சில் கலருக்கே வந்துடும். அதனால பக்கம் முழுக்க ஒரே நம்பர் வச்சு வெட்டினா முதல்ல சாகுறது மைனஸும் பின்னக் கோடும் தான், கணக்கு பேப்பர்ல வேற எது போனாலும் பரவாயில்ல, இது போனா கேள்வியே மாறிடும்.

தேன்மொழி, போட்டோ எப்படி வந்துச்சு? அதுல ஸ்கேன் ஆப் ஃபில்டர் ஏதாவது போட்டிருக்கா?

தேன்மொழி22
வாட்ஸ்அப்ல தான் சார் வந்துச்சு, சைஸ் 1200 x 1600. ஃபில்டர் இல்ல, சாதாரண போட்டோ. ஒரு ஓரத்துல போன் நிழல் விழுந்திருக்கு.

பழுப்புத்தாள்
ஃபில்டர் இல்லாதது நல்லது. ஆப்ல "கருப்பு வெள்ளை" மோடு போட்டா அது ஒவ்வொரு இடத்துலயும் சுத்தி இருக்கிற தாளோட ஒப்பிட்டு தாளை விட மங்கினதை எல்லாம் கருப்பாக்கும், பென்சிலும் அச்சும் ஒரே கருப்பு, அழிச்ச பென்சிலோட சுவடு கூட உயிரோட எழுந்து வரும். அதுக்கப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. படிக்க வசதியா இருக்கேன்னு எல்லாரும் அதைத்தான் போட்டு அனுப்புவாங்க, எனக்கு அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும்.

இப்போ செய்ய வேண்டியது, ஒரே மாதிரி கோட்டை ஒரே மாதிரி கோட்டோட மட்டும் ஒப்பிடணும். எழுத்தோட மைனஸை ஒப்பிடாதீங்க. அதே பக்கத்துல சந்தேகமே இல்லாத ஒரு மைனஸ், சந்தேகமே இல்லாத ஒரு ப்ளஸ் தேடுங்க. 14லயே "+ 3" ல ஒரு ப்ளஸ் இருக்கே. கிம்ப்ல கலர் பிக்கர் எடுத்து ஒவ்வொரு கோட்டுலயும் நடுவுல இருட்டான பிக்சலை நாலஞ்சு இடத்துல தொட்டு நம்பர் எழுதுங்க. நிழல் விழாத இடமா பார்த்து எடுங்க.

அகிலா_கே
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், என்கிட்ட இருக்கிறது ஜெராக்ஸ் பேப்பர், பென்சில் எழுதினதோட சேர்த்து ஜெராக்ஸ் எடுத்து அதைப் போட்டோ எடுத்திருக்காங்க. எனக்கும் இதே நம்பர் முறை வேலை செய்யுமா?

பழுப்புத்தாள்
செய்யாது அகிலா. ஜெராக்ஸ்ல பென்சிலும் டோனர் ஆயிடுச்சு, கருப்பு அளவை வச்சு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. உங்களுக்கு இருக்கிறது வடிவம் மட்டும் தான். அச்சுல ஒரு "க" எங்க வந்தாலும் அதே "க", ஒரு வரியில எல்லாம் ஒரே அடிக்கோட்டுல உட்காரும். கையெழுத்துல ரெண்டு 7 ஒரே மாதிரி இருக்காது, கோடு ஆரம்பிக்கிற இடம் தடிச்சு முடியிற இடம் மெலிஞ்சு இருக்கும். பென்சில் லேசா இருந்த இடம் ஜெராக்ஸ்ல புள்ளி புள்ளியா உடைஞ்சும் வரும், அச்சு எழுத்து அவ்வளவு உடையாது. அதையும் பாருங்க.

அகிலா_கே
சரி சார். ஆனா என் பேப்பர்ல கேள்வியே கையால எழுதி ஜெராக்ஸ் போட்டது 😭

பழுப்புத்தாள்
அய்யோ. அப்போ அச்சுன்னு ஒண்ணே இல்லையே. கேள்வி எழுதினவர் கை ஒண்ணு, விடை எழுதினவர் கை ஒண்ணு, ரெண்டு கையெழுத்தை பிரிக்கிறது வேற வேலை. அதே பேப்பரோட இன்னொரு காப்பி கிடைச்சா ரெண்டுலயும் பொதுவா இருக்கிறது தான் கேள்வி, அதைத் தவிர உறுதியான வழி எனக்குத் தெரியல.

தேன்மொழி22
நம்பர் எடுத்துட்டேன் சார்.

எழுத்து ("சமன்பாட்டின்"): 38 – 45
11வது கேள்வி மைனஸ்: 92, 95, 94
14ல "+ 3" படுக்கைக் கோடு: 93
14ல "+ 3" செங்குத்துக் கோடு: 91, 96
சந்தேகக் குறி, படுக்கை: 94, 95
சந்தேகக் குறி, செங்குத்து: 128, 133, 121, 137
ரஃப் ஒர்க் கோடுகள்: 115ல இருந்து 150 வரைக்கும்

பிக்சல்_பிரபு
ஆஹா. படுக்கை அச்சு, செங்குத்து பென்சில். சரி ஒத்துக்கிறேன், என் 90 கொஞ்சம் கம்மி, 110ல வெட்டியிருந்தா கரெக்டா வந்திருக்கும்.

பழுப்புத்தாள்
இந்தப் பேப்பர்ல வந்திருக்கும். நிழல் விழுந்த ஓரத்துல தாளே 150க்கு இறங்கியிருக்கும், அங்க பென்சிலும் 110க்குள்ள வந்துடும்.

தேன்மொழி நீங்க "+ 3" செங்குத்தையும் அளந்தது ரொம்ப நல்ல வேலை, நானே சொல்ல மறந்துட்டேன். போட்டோ எடுக்கும்போது கை பக்கவாட்டுல ஆடினா செங்குத்துக் கோடு மட்டும் கலங்கி வெளிறும், படுக்கைக் கோடு அப்படியே இருட்டா நிக்கும். அப்படி ஆகியிருந்தா நிஜமான அச்சு ப்ளஸ்லயே படுக்கை 94, செங்குத்து 130னு வந்திருக்கும், நாம ஏமாந்து பென்சில்னு சொல்லியிருப்போம். இங்க பக்கத்து ப்ளஸ்ல ரெண்டும் சமம், அதனால கை ஆடல.

இன்னும் ஒண்ணு பாருங்க: உங்க நாலு நம்பர்ல செங்குத்து 121ல இருந்து 137 வரை ஆடுது, அச்சுக் கோடு அஞ்சுக்கு மேல ஆடல. பென்சில் தாளோட மேட்டுல மட்டும் ஒட்டும், பள்ளத்துல ஒட்டாது, அதான் ஒரே கோட்டுக்குள்ளயே ஏறி இறங்குது. எனக்கு நம்பரை விட இந்த ஆட்டம் மேல தான் நம்பிக்கை அதிகம். அப்புறம் அந்தக் கோடு மைனஸுக்கு நட்ட நடுவுல இருக்கா?

தேன்மொழி22
இல்ல சார், இடது பக்கம் 11 பிக்சல், வலது பக்கம் 6. மேல கம்மியா, கீழ நீளமா இறங்குது. "+ 3" ல நாலு பக்கமும் ஒரே அளவு.

பழுப்புத்தாள்
அப்போ முடிஞ்சது. அச்சுல இருக்கிறது மைனஸ்.

பிக்சல்_பிரபு
நிழல் பிரச்சனைக்கு என்கிட்ட வழி இருக்கு, முதல்லயே போட்டிருக்கணும். ஒவ்வொரு பிக்சலையும் அது பக்கத்துல இருக்கிற வெள்ளைத் தாளோட மதிப்பால வகுத்துட்டா நிழல் போயிடும், பென்சில்–அச்சு வித்தியாசம் அப்படியே இருக்கும்.

```python
import cv2, numpy as np
g = cv2.imread("page.jpg", 0)
bg = cv2.dilate(g, np.ones((25, 25), np.uint8))
bg = cv2.medianBlur(bg, 51)
n = cv2.divide(g, bg, scale=255)
cv2.imwrite("flat.png", n)
```

இதுல வர்ற `flat.png` ல நம்பர் எடுங்க, பக்கத்தோட எந்த மூலையில எடுத்தாலும் ஒப்பிடலாம்.

பழுப்புத்தாள்
இது நல்லா இருக்கு பிரபு, கருப்பு வெள்ளை ஆக்காம விட்டீங்க பாருங்க, அது முக்கியம். ஒரே எச்சரிக்கை, இதை வச்சு "110 – 200 எல்லாம் பென்சில்"னு தானா பிரிக்கப் போனா ஒவ்வொரு அச்சு எழுத்தோட விளிம்பும் பென்சில் பக்கம் போய் விழும், கருப்பு வெள்ளையா மாறுற இடத்துல சாம்பல் பிக்சல் இருக்கத்தான் செய்யும். எழுத்தைச் சுத்தி பென்சில்ல வரைஞ்ச மாதிரி ஒளிவட்டம் தெரியும். அப்புறம் நிழல்ல எடுத்த இடத்துல படமே கொஞ்சம் மண் மண்ணா இருக்கும், வகுத்தா அதுவும் சேர்ந்து பெருசாகும்.

கோடு_போடாத_நோட்டு
இவ்வளவு எதுக்குங்க? ரஃப் ஒர்க்கை பாருங்களேன். சைடுல 49 − 24 = 25 னு போட்டிருக்காங்கல்ல? மைனஸ் 7 தான்னு அதுலயே தெரியுதே.

தேன்மொழி22
எப்படிங்க தெரியுது? −7ஐ வர்க்கம் பண்ணாலும் 49, +7ஐ பண்ணாலும் 49.

கோடு_போடாத_நோட்டு
அட ஆமால்ல. 24 பக்கம் இருக்கிற மைனஸை பார்த்து குழம்பிட்டேன்.

பழுப்புத்தாள்
ஆனா யோசனை தப்பில்ல, ரஃப் ஒர்க் ஒரு சாட்சி தான். அடுத்த வரியில 7 ± 5 னு இருக்கா −7 ± 5 னு இருக்கான்னு பார்த்தா தெரிஞ்சிடும். ஆனா அது சொல்றது எழுதினவர் கேள்வியை எப்படிப் படிச்சார்னு மட்டும் தான், என்ன அச்சாகி இருந்துச்சுன்னு இல்ல. அவரே தப்பா படிச்சிருக்கலாம், (இ) மேல போட்ட டிக்கும் அதே கதை தான்.

தேன்மொழி22
அந்த வரி போட்டோல ஓரமா வெட்டுப்பட்டு "± 5" மட்டும் தெரியுது 😩 பேப்பர் வச்சிருக்கவங்ககிட்ட திரும்ப கேட்கிறேன்.

பழுப்புத்தாள்
கேட்கும்போது ரெண்டு விஷயம் சொல்லுங்க. 14வது கேள்வியை மட்டும் கிட்டப் போய் எடுக்கணும், அதை டாக்குமெண்டா அனுப்பணும், போட்டோவா அனுப்பினா மறுபடி சுருங்கிடும். இன்னொரு படம், பேப்பரை ஜன்னல் பக்கம் சாய்ச்சு வெளிச்சம் பட்டு மின்னுற கோணத்துல எடுக்கச் சொல்லுங்க. கிராஃபைட் அந்தக் கோணத்துல வெள்ளி மாதிரி பளபளக்கும், அச்சு மை மந்தமா கருப்பாவே நிக்கும். லேசர் பிரிண்ட்டா இருந்தா டோனரும் கொஞ்சம் மின்னும், ஆனா அந்த ஈயச் சாயல் வராது.

ராக்கெட்_ராஜா
இன்ஃப்ராரெட் கேமரால எடுத்தா மை மறைஞ்சிடும்னு கேள்விப்பட்டேனே, அது ஆகாதா?

பழுப்புத்தாள்
பால் பாய்ண்ட் பேனா பெரும்பாலும் மறையும். பென்சில் கார்பன், கருப்பு டோனர்லயும் கார்பன், அங்க ரெண்டும் கருப்பாத்தான் தெரியும். நமக்கு உதவாது. நீலப் பேனா கிறுக்கலுக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், கலர் போட்டோல நீலச் சேனலை மட்டும் தனியா பார்த்தா நீல மை வெளிறிடும், அச்சு நிக்கும்.

தேன்மொழி22
புதுப் படம் வந்துச்சு!! ரெண்டு நாள் ஆச்சு, ஆனா பாவம் நல்லா எடுத்து அனுப்பியிருக்காங்க.

சாய்ச்சு எடுத்த படத்துல அந்த செங்குத்துக் கோடு மட்டும் பளபளன்னு மின்னுது, மைனஸ் மின்னவே இல்ல. சார் சொன்னது அப்படியே சரி.

ஆனா இன்னொரு கூத்து. ரஃப் ஒர்க் வரி முழுசா தெரியுது, முதல்ல (7 ± 5)/4 னு லேசா எழுதி, அப்புறம் 7க்கு முன்னாடி அழுத்தமா ஒரு "−" நுழைச்சிருக்காங்க. (அ) மேல ஒரு டிக் போட்டு அழிச்ச தடம், பென்சில் போயிடுச்சு ஆனா தாள்ல பள்ளம் நிழலா தெரியுது. அதுக்கப்புறம் தான் (இ) மேல டிக். அதாவது முதல்ல மைனஸ்னு படிச்சு சரியா போட்டுட்டு, அப்புறம் ப்ளஸ்ஸா மாத்தி எல்லாத்தையும் திருத்தியிருக்காங்க.

கோடு_போடாத_நோட்டு
ஹால்ல சூப்பர்வைசர் வந்து "14வது கேள்வியில மைனஸை ப்ளஸ்னு திருத்திக்கோங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. அது எங்களுக்கு நிறைய தடவை நடந்திருக்கு. அப்போ ப்ளஸ் தான் நிஜமான கேள்வி, நீங்க ப்ளஸ்னு தான் டைப் பண்ணணும்.

பிக்சல்_பிரபு
திருத்தம் சொல்லியிருந்தா ஏன் சொல்லணும்? மைனஸ் வச்சாலே கேள்வி சரியா தானே இருக்கு, (அ) விடை இருக்கு. தப்பில்லாத கேள்வியை யாரு திருத்துவா?

கோடு_போடாத_நோட்டு
ஆன்சர் கீ (இ)ன்னு போட்டுட்டு அப்புறம் பார்த்தா அச்சுல குறி மாறியிருந்தா? கேள்வி சரியா தெரிஞ்சாலும் திருத்துவாங்க.

பழுப்புத்தாள்
ரெண்டு பேர் சொல்றதும் நடக்கக் கூடியது தான், இந்த ஒரு தாளை வச்சு சொல்ல முடியாது. குழந்தை தானா குழம்பி மாத்தியிருக்கலாம். அறிவிப்பா இருந்தா பொதுவா மாணவர்கள் கொஞ்சம் வேற மாதிரி எழுதுவாங்க, பழைய குறியை அடிச்சிட்டு பக்கத்துல பெருசா போடுவாங்க, சில பேர் கேள்வி நம்பரை வட்டம் போடுவாங்க. இங்க அப்படி எதுவும் இல்ல, ஆனா அதை வச்சு அறுதியா சொல்ல மாட்டேன், மைனஸை ப்ளஸ் ஆக்க ஒரு கோடு போதுமே.

நான் செய்யிறது, அச்சுல இருக்கிறதை கேள்வியா டைப் பண்ணிட்டு கீழ தனியா ஒரு வரி: [கைக்குறிப்பு: 7x-க்கு முன் உள்ள "−" பென்சிலில் "+" ஆகத் திருத்தப்பட்டுள்ளது]. அச்சு வரிக்குள்ள கைக்குறிப்பை கலக்கவே மாட்டேன். நாளைக்கு இன்னொரு காப்பி கிடைச்சு அதுலயும் அதே திருத்தம் இருந்தா அப்போ அறிவிப்புன்னு எழுதிக்கலாம்.

கோடு_போடாத_நோட்டு
படிக்கிற பசங்களுக்கு குழப்பம் தான் வரும் சார். ஒரு பேப்பர்னா ஒரு கேள்வி இருக்கணும். எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

தேன்மொழி22
நான் சார் சொன்ன மாதிரியே மைனஸ் போட்டு குறிப்பும் சேர்த்துட்டேன். அதே பேட்ச்ல இன்னொருத்தங்ககிட்ட அதே பேப்பர் இருந்துச்சு, கேட்டுப் பார்த்தேன், அதுல 14ல சுத்தமான மைனஸ், பென்சிலே இல்ல.

கோடு_போடாத_நோட்டு
அவங்க அந்த கேள்வியை தொட்டாங்களா?

தேன்மொழி22
ம்ம்... எந்த ஆப்ஷன் மேலயும் டிக் இல்ல. 10க்கு அப்புறம் பேப்பர் பூரா காலி 🤦🏽‍♀️

சரி அதை விடுங்க, இப்போ 17ல நிக்கிறேன். "ஆரம் 2.5 செ.மீ" யா "ஆரம் 25 செ.மீ" யான்னு தெரியல, நடுவுல ஒரு புள்ளி இருக்கு ஆனா ரொம்ப மேல இருக்கிற மாதிரி இருக்கு.

பழுப்புத்தாள்
"செ.மீ" யிலயே ஒரு அச்சுப் புள்ளி இருக்கு பாருங்க, அதே அளவா, அதே அடிக்கோட்டுல உட்காருதான்னு பாருங்க. அப்புறம் 2க்கும் 5க்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு? அச்சுல புள்ளி இருந்தா அதுக்குன்னு ஒரு இடம் விட்டிருக்கும். 25ன்னு சேர்த்து அடிச்சதுக்கு மேல பென்சில் முனை பட்டிருந்தா இலக்கம் ரெண்டும் ஒட்டி நிக்கும், புள்ளி எங்கயாவது விளிம்புல ஏறி உட்கார்ந்திருக்கும்.

தேன்மொழி22
ஒட்டித்தான் நிக்குது. புள்ளி 5 மேல ஏறியிருக்கு. 25.